நம் குடும்பக் குழுவில் உள்ள அனைவருக்கும் ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, சித்தி, அத்தைமார், மாமாமார் மற்றும் என் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

திருச்சி அத்தை நேற்று மாலை மருத்துவமனையிலிருந்து நலமாக வீடு திரும்பிவிட்டார்கள். அவர்கள் அங்கே சேர்க்கப்பட்ட காரணம் உங்களில் பலருக்குத் தெரியாது. அத்தையின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். வெண்டைக்காயை இரவு முழுவதும் ஊறவைத்த தண்ணீரைக் குடித்துவந்தால் சர்க்கரை நோய் அடியோடு தீர்ந்துவிடும், அதன் பிறகு மாத்திரையே தேவைப்படாது என்று நம் குழுவில் வந்த செய்தியை நம்பி, அத்தை சில வாரங்களாக மாத்திரைகளை நிறுத்தியிருந்தார்கள். சர்க்கரை அளவு நானூறைத் தாண்டி, உடலில் நீர் வற்றி, மயங்கிய நிலையில்தான் அவர்களைக் கொண்டுசென்றோம். அந்தச் செய்தியை அனுப்பியவர் யார் என்று நான் கேட்கவில்லை, யாரும் கேட்கவும் வேண்டாம். அக்கறையினால்தான் அனுப்பியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவர் எழுதியதை நம் வீட்டுப் பெரியவர் அனுப்பும்போது, அந்தப் பெரியவர் மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கை முழுவதும் அந்தச் செய்திக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அத்தை நம்பியது வெண்டைக்காயை அன்று, நம்மை.

ஆகவே, உடல்நலம் பற்றிய சரிபார்க்கப்படாத குறிப்புகளையும், மக்களை அச்சுறுத்தும் வதந்திகளையும் இனி இந்தக் குழுவில் பகிர வேண்டாம் என்று உங்கள் அனைவரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டு வைத்தியத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அன்று. சளி பிடித்தால் பெரியம்மா சொல்லும் சுக்குக் கஷாயத்தை நானும் குடிக்கிறேன், இனியும் குடிப்பேன். மாத்திரையை நிறுத்தச் சொல்வதும், மருத்துவரிடம் போவதைத் தாமதப்படுத்துவதும்தான் நான் அஞ்சும் செய்திகள். பக்கவாதம் வந்தவரின் பத்து விரல் நுனிகளிலும் ஊசியால் குத்தி இரத்தம் வரவழைத்துவிட்டு, அவர் தெளியும்வரை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு செய்தி ஆண்டுக்கணக்காகச் சுற்றிவருகிறது. மூளையின் இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டிருந்தால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, இரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்யவும் வேண்டும். அந்த நேரத்தை விரல் நுனியில் செலவழித்தால், பிறகு எந்த மருத்துவராலும் அதைத் திருப்பித் தர முடியாது. மாரடைப்பு வந்தால் தனியாக இருமிக்கொண்டே இருந்து பிழைத்துக்கொள்ளலாம் என்ற செய்தியும் இதே வகையைச் சேர்ந்ததுதான். இவ்விரண்டு நேரங்களிலும் முதலில் அழைக்க வேண்டிய எண் 108.

சர்க்கரை நோய் போன்றவற்றைத் தீர்த்துவிடுவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

வதந்திகளால் வந்த கேடு இதைவிடக் குறைவானதன்று. 2017இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப்பில் பரவிய பொய்களுக்குப் பயந்து தமிழ்நாட்டில் பல பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள். 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துபவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி பரவியிருந்த நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அந்த வதந்தியைப் பகிர்ந்தவர்களில் பெரும்பாலானோர் தம் பிள்ளைகளைப் பற்றிய கவலையில்தான் பகிர்ந்திருப்பார்கள். அன்று நம் ஊரிலும் அதே வதந்தி குரல்பதிவாக வந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது பல கைகள் மாறி வந்திருக்கிறது, எழுதியவர் யார் என்று அனுப்பியவருக்கே தெரியாமல் இருக்கலாம் என்று பொருள். மருத்துவர் பெயரும் மருத்துவமனைப் பெயரும் போட்டிருப்பதாலேயே எதுவும் உண்மையாகிவிடாது. மனம் கேட்காமல் பகிரத் தோன்றினால், குழுவில் போடுவதற்கு முன் எனக்கோ, செவிலியராகப் பணிபுரியும் மதுரை அண்ணிக்கோ தனியாக அனுப்புங்கள், விசாரித்துச் சொல்கிறோம். 104 என்ற அரசு எண்ணை அழைத்தும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். தவறான செய்தியை யாராவது சுட்டிக்காட்டினால், அதைத் தம்மை அவமதித்ததாகப் பெரியவர்கள் கருத வேண்டாம். சுட்டிக்காட்டும் இளையவர்களும் குழுவில் வைத்து வாதாடாமல், தனியே அழைத்து மரியாதையோடு சொல்ல வேண்டும்.

வெண்டைக்காய்ச் செய்தியை வேறு குழுக்களுக்கு அனுப்பியிருப்பவர்கள், அது தவறு என்று அங்கேயும் தயவுசெய்து இன்றே எழுதிவிடுங்கள். அத்தை இன்னும் சோர்வாக இருப்பதால், பேச விரும்புபவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் மாமாவின் எண்ணுக்கு அழைக்கலாம்.

அன்புடன்,
கவிதா