மறுப்புக் கடிதம்: தமிழாக்கமும் விளக்கமும்

1 பிப்ரவரி 2026

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இன்சூரன்ஸ் கம்பெனியின் மறுப்புக் கடிதத்தையும் பாலிசி புத்தகத்தையும் முழுவதும் படித்துவிட்டேன். "மோசடின்னு எழுதியிருக்காங்களாம், கேஸ் போடுவாங்களாம், மாமா ராத்திரியெல்லாம் தூங்கலை" என்று அத்தை போனில் அழுதார். அதனால் முதலில் இதைச் சொல்கிறேன்: அந்தக் கடிதத்தில் மோசடி என்ற சொல் எந்த இடத்திலும் இல்லை. உங்களுக்குப் படித்துச் சொன்னவர் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அந்த ஒரு சொல்லில்தான் நம் பணமும் இருக்கிறது.

கடிதத்தை அப்படியே தமிழில் தருகிறேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"22 ஜனவரி 2026. பொருள்: மருத்துவச் செலவுக் கோரிக்கையை ஏற்க இயலாமை.

ஐயா, 9 நவம்பர் 2025 முதல் 13 நவம்பர் 2025 வரை இதய இரத்தக்குழாய் அடைப்புக்காக ஸ்டென்ட் பொருத்திச் சிகிச்சை பெற்றதற்கு ரூ. 2,84,600 கோரித் தாங்கள் அனுப்பிய ஆவணங்களைப் பரிசீலித்தோம். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில், தாங்கள் 8 ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தம் உள்ளவர் என்று பதிவாகியுள்ளது. எங்களிடம் தாங்கள் முதன்முதலில் பாலிசி எடுத்த நாள் 14 ஜூன் 2020. ஆகவே அந்த நோய் பாலிசிக்கு முன்பே இருந்துள்ளது. முன்மொழிவுப் படிவத்தில் இரத்த அழுத்தம் குறித்த கேள்விக்கு 'இல்லை' என்று பதிலளிக்கப்பட்டுள்ளது. இது முக்கிய விவரத்தைத் தெரிவிக்காமையும் உண்மைக்கு மாறான தகவல் தருதலும் ஆகும். எனவே பாலிசியின் 'விவரம் தெரிவித்தல்' நிபந்தனையின்படியும், முன்பே உள்ள நோய்கள் குறித்த Excl01 விலக்கின்படியும் தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. பாலிசியின் கீழ் எங்களுக்குள்ள பிற உரிமைகளை இக்கடிதத்தால் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இம்முடிவு தங்களுக்கு உடன்பாடில்லை எனில் எங்கள் குறைதீர் அலுவலரை அணுகலாம்."

இவ்வளவுதான் கடிதம். கடைசிக்கு முந்தின வரியைப் பார்த்துத்தான் 'கேஸ் போடுவார்கள்' என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது எல்லா கம்பெனியும் எல்லா மறுப்புக் கடிதத்திலும் போடும் வரி. 'வேறு காரணம் இருந்தால் பிறகும் சொல்வோம்' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நான் மருத்துவமனை இன்சூரன்ஸ் டெஸ்கில் உட்கார்ந்து இந்த வரியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன்.

இனி அவர்கள் சொல்லும் காரணங்கள். Excl01 என்பது பாலிசி எடுப்பதற்கு முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம். உங்கள் புத்தகத்தில் அது 36 மாதம் என்று இருக்கிறது. நீங்கள் ஒரு வருடம்கூட விடாமல் பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள். 2020 ஜூனில் இருந்து கணக்குப் போட்டால் 36 மாதம் 2023 ஜூனிலேயே முடிந்துவிட்டது. ஆனால் அதே பிரிவின் கடைசி வரியில், படிவத்தில் தெரிவித்து கம்பெனி ஏற்றுக்கொண்ட நோய்க்குத்தான் பிறகு பணம் கிடைக்கும் என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். ஆக இரண்டு காரணமும் ஒன்றில் வந்து நிற்கின்றன: நீங்கள் சொல்லவில்லை.

சரி, சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இப்போது புத்தகத்தில் 'மாரடோரியம்' என்ற தலைப்பைப் பாருங்கள். சின்ன எழுத்தில் இருக்கிறது. மறுப்புக் கடிதம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதன் தமிழ் இது:

"தொடர்ச்சியாக 60 மாதங்கள் காப்பீடு நிறைவடைந்த பின், விவரம் தெரிவிக்காமை, உண்மைக்கு மாறான தகவல் ஆகிய காரணங்களைக் கூறிக் காப்பீட்டாளர் எந்தப் பாலிசியையும் கோரிக்கையையும் எதிர்க்க இயலாது, நிரூபிக்கப்பட்ட மோசடி மட்டுமே விதிவிலக்கு. இது முதல் பாலிசியின் காப்பீட்டுத் தொகைக்குப் பொருந்தும். தொகை உயர்த்தப்பட்டிருந்தால், உயர்த்திய பகுதிக்கு மட்டும் 60 மாதங்கள் உயர்த்திய நாளிலிருந்து கணக்கிடப்படும்."

முன்பு இது 8 ஆண்டாக இருந்தது. 2024இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 5 ஆண்டாகக் குறைத்தது. போன ஜூனில் ரினியூவல் செய்தபோது வந்த உங்கள் புத்தகத்தில் 60 மாதம் என்றே அச்சிட்டிருக்கிறார்கள். உங்களுக்கு 60 மாதம் முடிந்தது 2025 ஜூன் 13. நெஞ்சு வலி வந்து தஞ்சாவூரில் சேர்த்தது நவம்பர் 9. அதாவது ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து.

அதனால்தான் அந்த ஒரு சொல் முக்கியம் என்றேன். 'உண்மைக்கு மாறான தகவல்' வேறு, 'மோசடி' வேறு. ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்ததைத்தான் மோசடி என்பார்கள். அதை நிரூபிக்க வேண்டியது கம்பெனி. அவர்களே தங்கள் கடிதத்தில் மோசடி என்று குற்றம் சாட்டவில்லை. 60 மாதத்துக்குப் பிறகு சொல்ல முடியாத காரணத்தைச் சொல்லித்தான் மறுத்திருக்கிறார்கள்.

தொகை விஷயம் ஒன்று இருக்கிறது. 2020இல் நீங்கள் எடுத்தது 3 லட்சம், 2023 ரினியூவலில் 5 லட்சமாக ஆக்கினீர்கள். கூட்டிய 2 லட்சத்துக்கு 60 மாதம் இன்னும் ஆகவில்லை. ஆனால் உங்கள் பில் 3 லட்சத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, அதனால் அதைக் காட்டி அவர்கள் தப்ப முடியாது. ஆனால் கையுறை, பதிவுக் கட்டணம் போன்றவற்றைக் கழிப்பார்கள். 2,84,600 முழுதாக வரும் என்று எண்ண வேண்டாம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், மாமா. கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரஷர் மாத்திரை எப்போது ஆரம்பித்தீர்கள்? கொரோனாவுக்குப் பிறகு என்று அத்தை சொல்கிறார். அது உண்மையாக இருந்தால், முதலில் மாத்திரை எழுதிய நம்மூர் டாக்டரிடம் தேதி போட்டுச் சான்று வாங்கலாம். '8 ஆண்டு' என்பது எமர்ஜென்சியில் யாரோ பதற்றத்தில் சொன்னதை டியூட்டி டாக்டர் எழுதியதாகக்கூட இருக்கலாம். ஆனால் முன்பே சாப்பிட்டிருந்தால் அப்படியே சொல்லுங்கள். தேதியை மாற்றி எழுதி வாங்கவே கூடாது. இல்லாத மோசடியை நாமே கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும். மாரடோரியம் பிரிவு நமக்கு இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை. படிவத்தை நிரப்பியது ஏஜெண்டா, அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டாரா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

குறைதீர் அலுவலருக்கு நான் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

"என் பாலிசி 14 ஜூன் 2020 முதல் இடைவெளியின்றித் தொடர்கிறது. சிகிச்சை நாளில் 60 மாதங்கள் நிறைவடைந்துவிட்டன. பாலிசியின் மாரடோரியம் பிரிவின்படி, தெரிவிக்காமையைக் காரணம் காட்டி என் கோரிக்கையை மறுக்க முடியாது. மோசடி என்று நீங்கள் கூறவுமில்லை, நிரூபிக்கவுமில்லை. இந்த மறுப்புக்கு உங்கள் கோரிக்கை மறுஆய்வுக் குழு ஒப்புதல் தந்ததா என்பதையும் தெரிவிக்கவும். மறுப்பை ரத்து செய்து தொகையை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோரிக்கையையும் மறுக்கக் கூடாது என்பது ஐஆர்டிஏஐ விதி, அதனால்தான் கேட்டிருக்கிறேன். இதை ஈமெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புவோம். ஐஆர்டிஏஐயின் புகார் தளமான bimabharosa.irdai.gov.in-இலும் புகாரைப் பதிந்துவிடுகிறேன்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுபடி முடியாது என்றாலோ, கம்பெனிக்கு எதிரான புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். ஆனால் ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். வக்கீல் நோட்டீஸுக்குப் பத்தாயிரம் கேட்டவரிடம் இப்போதைக்கு எதுவும் கொடுக்காதீர்கள்.

அப்புறம், கோபத்தில் இந்தப் பாலிசியை விட்டுவிடாதீர்கள். ஜூன் 14க்கு முன் ரினியூவல் கட்டாயம் கட்ட வேண்டும். ஐந்து வருடம் கட்டிச் சேர்த்த உரிமை அது, அத்தையும் அதே பாலிசியில்தான் இருக்கிறார்.

வரும் ஞாயிறு, 8ஆம் தேதி, கும்பகோணம் வருகிறேன். 2020இல் இருந்து வந்த ரினியூவல் ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, முன்மொழிவுப் படிவத்தின் நகல், பழைய மாத்திரைச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். படிவ நகல் கிடைக்காவிட்டால் கம்பெனியிடமே கேட்டு வாங்குவோம். ஸ்டென்ட் வைத்ததற்குத் தந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். இந்தக் கடிதத்தை அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
சுதா