திரையில் பச்சைக் கோடுகள்: வாரண்டியில் சரிசெய்து தரக் கோரும் கடிதம்

அனுப்புநர்
கோ. மாதேஷ்,
விதை, உரக்கடை,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.

பெறுநர்
பொறுப்பாளர் அவர்கள்,
கைபேசி சேவை மையம்,
தர்மபுரி.

நாள்: 21.07.2025

பொருள்: வாரண்டிக் காலத்தில் உள்ள கைபேசியின் திரையில் பச்சைக் கோடுகள் தோன்றியது, கட்டணமின்றித் திரையை மாற்றித் தரக் கோருவது தொடர்பாக.

பார்வை: 18.07.2025 அன்று நான் நேரில் வந்தபோது தங்கள் கவுன்டரில் தரப்பட்ட துண்டுச்சீட்டு.

ஐயா,

வணக்கம். 14.09.2024 அன்று தர்மபுரியில் உள்ள ஒரு கடையில் 27,999 ரூபாய்க்கு வாங்கிய கைபேசியைப் பற்றி எழுதுகிறேன். வாரண்டி ஓராண்டு; வருகிற செப்டம்பர் 13 வரை இருக்கிறது. பில்லில் உள்ள ஐஎம்இஐ எண்ணும், பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணும், *#06# அழுத்தினால் திரையில் வரும் எண்ணும் ஒன்றுதான். மூன்றையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். இதுவரை இந்தக் கைபேசியை வேறு எந்தக் கடையிலும் கழற்றியதில்லை.

ஜூலை 10, வியாழக்கிழமை இரவு, சிஸ்டம் அப்டேட் வந்திருப்பதாகக் கைபேசியே நினைவூட்டிக்கொண்டிருந்தது. சார்ஜில் போட்டு, சம்மதம் கொடுத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, தக்காளி மண்டியில் என்ன விலை போகிறது என்று பார்க்க எடுத்தபோது வலது ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு நின்றது. முடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துண்டால் துடைத்தேன். பிறகு மேல் ஒட்டிய கண்ணாடித் தாளில்தான் கோளாறு என்று அதையும் உரித்துப் போட்டேன். கோடு அப்படியே இருந்தது. 13ஆம் தேதி அதன் பக்கத்திலேயே இரண்டாவது கோடு வந்தது. 16ஆம் தேதி மூன்றாவது, சற்று இடதுபக்கம் தள்ளி. வெள்ளைப் பின்னணியில் கொஞ்சம் மங்கித் தெரியும். கறுப்புத் திரையில் சீரியல் விளக்கு கட்டியதுபோல் எரிகிறது.

மூன்று கோடுகளுக்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று தோன்றலாம். என் பிழைப்பில் பச்சை நிறம் சாதாரண விஷயம் இல்லை. பாலக்கோட்டைச் சுற்றியுள்ள தக்காளித் தோட்டக்காரர்கள் இலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவார்கள். அடி இலையின் விளிம்பு மஞ்சளாகிறதா, நரம்பு பச்சையாக நிற்க நடுவில் மட்டும் மஞ்சளாகிறதா என்று பார்த்துத்தான் சாம்பல் சத்துக் குறைவா, மெக்னீசியம் குறைவா என்று சொல்ல முடியும். 15ஆம் தேதி மாரண்டஅள்ளிப் பக்கத்திலிருந்து ஒருவர் அனுப்பிய படத்தில், சரியாக இலையின் விளிம்பு விழுந்த இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பச்சைக் கோடு நின்றது. படத்தைப் பெரிதாக்கினேன், நகர்த்தினேன், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். கடைசியில், "இலையையே பறித்துக்கொண்டு வாருங்கள் அண்ணா" என்று சொன்னேன். அவர் வேலையை விட்டுவிட்டு மொபெட்டில் வந்தார். தவறான மருந்தைக் கொடுத்து அனுப்புவதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் ஒவ்வொருவரையும் அப்படி வரவழைக்க முடியாது.

18ஆம் தேதி கடையை என் மனைவியிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறித் தங்கள் மையத்துக்கு வந்தேன். டோக்கன் வாங்கி, ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தேன். கவுன்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கைபேசியை உள்ளே கொண்டுபோய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, இடதுபக்கக் கீழ் மூலையைக் காட்டி, "இங்கே அடிபட்டிருக்கிறது சார், வாரண்டியில் வராது, பேனல் மாற்ற 11,600 ரூபாய் ஆகும்" என்றார். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டதற்கு, ஒரு துண்டுச்சீட்டில் நீலப் பேனாவால் 'பிசிக்கல் டேமேஜ்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். தேதி இல்லை, முத்திரை இல்லை, ஜாப் ஷீட்டும் போடவில்லை. நான் வந்துபோனதற்குத் தங்கள் கணினியில் ஒரு வரியாவது பதிவாகியிருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

அந்த மூலையில் ஒரு கீறல் இருக்கிறது. மறைக்கவில்லை. கடைக் கல்லாவின் தகர விளிம்பில் உரசியது. எள் அளவுக்குப் பெயின்ட் போயிருக்கிறது. சட்டகம் நெளியவில்லை. கண்ணாடியில் மயிரளவு விரிசல்கூட இல்லை. கோடுகளோ எதிர்ப்பக்கம், வலதுபுறத்தில் இருக்கின்றன. கீழே விழுந்து திரை அடிபட்டால் எப்படி இருக்கும் என்பதைத் தினமும் பத்துப் பேர் கொண்டுவந்து காட்டுவதைப் பார்க்கிறவர்கள் நீங்கள்: கண்ணாடி சிலந்திவலையாகும், மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டு பரவும், ஒரு பக்கம் தொட்டால் வேலை செய்யாது. இதில் அந்த மூன்றும் இல்லை. திரையின் எந்த இடத்தைத் தொட்டாலும் உடனே வேலை செய்கிறது. சிம் தட்டை உருவிப் பார்த்தால், துளைக்குள் இருக்கும் ஈரம் காட்டும் ஸ்டிக்கர் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. தண்ணீர் பட்டிருந்தால் அது சிவந்திருக்கும்.

நானும் சில சோதனைகள் செய்து பார்த்தேன். கோடுகள் தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் தம்பியின் கைபேசிக்கு அனுப்பினேன். அங்கே படம் சுத்தமாக இருந்தது, ஒரு கோடும் இல்லை. ஆகவே கைபேசி உருவாக்கும் படத்தில் பிழையில்லை. அதைக் காட்டும் பேனலில்தான் பிழை. சேஃப் மோடில் போட்டாலும் கோடுகள் இருக்கின்றன. நான் இறக்கிய எந்தச் செயலியும் காரணம் இல்லை. நிறுவனத்தின் எழுத்து தோன்றும் தொடக்கத் திரையிலும் இருக்கின்றன. இது ஓஎல்இடி வகைத் திரை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி தருவது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் திரையை இயக்கும் சிப்பிலிருந்து மெல்லிய இணைப்பு போகிறது. அதில் ஒன்று தளர்ந்தாலோ பழுதானாலோ அந்த வரிசை முழுவதும் ஒரே நிறத்தில் எரிந்து நிற்கும். கோடு வளையாமல், உடையாமல், உச்சி முதல் அடிவரை நேராக இருப்பதற்கு அதுதான் காரணம். இதைத் தங்கள் தொழில்நுட்பர் என்னைவிட நன்றாக அறிவார்.

அப்டேட் போட்டதால் வந்ததா, பேனலில் முதலிலிருந்தே பலவீனம் இருந்து அன்றிரவு கைபேசி சூடானதில் வெளிப்பட்டதா என்று நான் வாதாடப் போவதில்லை. அப்டேட்டை அனுப்பியதும் நிறுவனம், பேனலைப் பொருத்தியதும் நிறுவனம். இரண்டில் எதுவானாலும் 11,600 ரூபாய் என் பையிலிருந்து போக வேண்டிய நியாயம் இல்லை. இதே பச்சைக் கோட்டுக் கோளாறு பல நிறுவனங்களின் கைபேசிகளில் வந்திருக்கிறது. வாரண்டி முடிந்த கைபேசிகளுக்கே திரையை இலவசமாக மாற்றித் தந்த நிறுவனங்களும் நம் நாட்டில் உண்டு. என்னுடையதற்கு இன்னும் ஏழு வாரத்துக்கு மேல் வாரண்டி இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். இந்தக் கடிதத்தோடு கைபேசியையும் ஒப்படைக்கிறேன். இன்றைய தேதியிட்ட ஜாப் ஷீட்டில், கோளாறு என்ற இடத்தில் "திரையில் மூன்று பச்சைக் கோடுகள், கண்ணாடி உடையவில்லை, ஈரம் காட்டும் ஸ்டிக்கர் வெள்ளை" என்று எழுதிக் கொடுங்கள். வெறும் 'டிஸ்பிளே கோளாறு' என்று போட வேண்டாம். உதிரிபாகம் வரத் தாமதமாகி செப்டம்பர் 13 கடந்துபோனாலும், புகார் வாரண்டிக்குள் பதிவானது என்பதற்கு அந்தத் தாள்தான் எனக்குச் சாட்சி. திரையை நிறுவனத்தின் அசல் பேனலாகவே கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும். மாற்றிய பேனலுக்கு எவ்வளவு நாள் உத்தரவாதம் என்பதையும் ரசீதில் குறிக்க வேண்டும். கைபேசியில் உள்ளவற்றை வேறிடத்தில் சேமித்துவிட்டேன். ஆனாலும் என்னைக் கேட்காமல் அழிக்க வேண்டாம். திரை மாற்றுவதற்கு உள்ளே இருப்பதை அழிக்கத் தேவையில்லை. சோதித்துப் பார்க்கத் திரைப்பூட்டை எடுத்துவிட்டுத் தருகிறேன். வங்கிச் செயலிகளை நீக்கிவிட்டேன். சிம் கார்டு என்னிடம் இருக்கிறது.

இல்லை, வாரண்டியில் வராது என்றே முடிவு செய்தால், துண்டுச்சீட்டு போதாது. எந்த இடத்தில் அடி, அந்த அடி எப்படி இந்தக் கோடுகளுக்குக் காரணம், வாரண்டி அட்டையின் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று மையத்தின் முத்திரையோடு, தாங்கள் எடுத்த படங்களையும் சேர்த்து எழுத்தில் தாருங்கள். கைபேசியைத் திறந்து பார்ப்பதாக இருந்தால் என் முன்னிலையில் திறந்தால் நல்லது. காத்திருக்க எனக்குத் தடையில்லை.

பத்து நாள், அதாவது ஜூலை 31 வரை தங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன். அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, அடுத்ததாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், வக்கீல் வைக்காமல் தானே வாதாடவும் செய்யலாம். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. எங்கள் கடையில் விற்ற விதை முளைக்கவில்லை என்று ஒருமுறை என்மேலேயே புகார் வந்தது. அந்த லாட் எண்ணைப் பார்த்து, முளைக்காத பொட்டலங்களுக்குப் பதிலாகப் புதியவை கொடுத்துவிட்டு, விதை நிறுவனத்திடம் நான் வாங்கிக்கொண்டேன். தாங்களும் இந்தப் பேனலை அப்படியே நிறுவனத்திடம் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

என்னைத் தொடர்புகொள்ள, டோக்கன் போடும்போது கொடுத்த எண்ணுக்கே அழையுங்கள். அது இப்போது என் மனைவியின் கைபேசியில் இருக்கிறது. காலை ஆறு முதல் ஒன்பது வரை கடையில் கூட்டம், எடுக்க முடியாது. மற்ற நேரத்தில் உடனே எடுப்போம்.

இணைப்பில் பில்லின் நகல், வாரண்டி அட்டையின் நகல், பெட்டி எண்ணின் படம், *#06# அழுத்தியபோது வந்த எண்ணின் படம், கோடுகளை வேறொரு கைபேசியால் எடுத்த நான்கு படங்கள், அதே நேரத்தில் எடுத்த சுத்தமான ஸ்கிரீன்ஷாட்டின் அச்சு, துண்டுச்சீட்டின் நகல் ஆகியவை உள்ளன. அசல் பில் என்னிடம் இருக்கிறது. பார்க்கக் காட்டுவேன், ஒப்படைக்க மாட்டேன். இந்தக் கடிதத்தின் இரண்டாம் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் இட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோ. மாதேஷ்