பொருள்: தமிழ்ப் பிரமாணப் பத்திரத்துக்கும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் சான்றொப்பம் பெற நேரம் கோருதலும், கொண்டுவரும் அசல் ஆவணங்களின் விவரமும்

மதிப்பிற்குரிய நோட்டரி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் தாயார் திருமதி மீனாட்சி அவர்கள் தமிழில் அளிக்கவிருக்கும் பிரமாணப் பத்திரத்துக்கும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்போடு இணைக்கப்படும் மொழிபெயர்ப்பாளர் உறுதிமொழிக்கும் தங்கள் முன்னிலையில் கையொப்பமிட்டுச் சான்றொப்பம் பெற விரும்புகிறோம். 2026 மார்ச் 10, செவ்வாய்க்கிழமை காலை 10.30 மணிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று இயலாவிட்டால் மார்ச் 12, வியாழக்கிழமை காலையிலும் எங்களால் வர முடியும். பிற்பகல் நேரத்தை மட்டும் தவிர்க்க வேண்டுகிறேன்; அம்மாவுக்கு 74 வயது, மதிய உணவுக்குப் பின் அவரால் நெடுநேரம் உட்கார்ந்திருக்க இயலாது.

இந்தப் பத்திரம் தேவைப்படும் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அயல்நாட்டில் குடியேறியுள்ள என் தம்பி, அம்மாவைத் தன்னுடன் வைத்துக்கொள்வதற்காக அந்நாட்டுக் குடியேற்ற அலுவலகத்தில் விண்ணப்பித்திருக்கிறார். அம்மாவின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் சு. மீனாட்சி என்றும், தம்பியின் பிறப்புச் சான்றிதழில் மீனாட்சியம்மாள் என்றும், கடவுச்சீட்டில் முதலெழுத்து விரிக்கப்பட்டு மீனாட்சி சுந்தரம் என்றும் பதிவாகியுள்ளது. சுந்தரம் என்பது அம்மாவின் தந்தையார் பெயர். தமிழர்க்கு இது விளக்கம் தேவைப்படாத செய்தியாக இருந்தாலும், கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் இருப்பது தாத்தாவின் பெயர் என்பதை அந்த அலுவலகம் தானாக ஊகித்துக்கொள்ளும் என எதிர்பார்க்க முடியாது. எனவே மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று அம்மா தமக்குத் தெரிந்த மொழியில் சத்தியம் செய்து அளிக்கும் பத்திரத்தையும், அதன் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பையும், மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியையும் மார்ச் 31-ஆம் தேதிக்குள் அனுப்புமாறு அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

இதில் எங்கள் வேண்டுகோள் இரண்டு தனித்தனிச் சான்றொப்பங்களுக்கானது என்பதை முன்கூட்டியே தெளிவாக்கிவிட விரும்புகிறேன். முதலாவது, தமிழ்ப் பத்திரத்தில் உள்ளவை உண்மை என்று அம்மா தங்கள் முன் சத்தியம் செய்து இடும் கையொப்பத்துக்கு. இரண்டாவது, ஆங்கில வாசகம் தமிழ் மூலத்துக்கு முழுமையாகவும் சரியாகவும் ஒத்திருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் தம் பொறுப்பில் அளிக்கும் உறுதிமொழிக் கையொப்பத்துக்கு. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆகவே ஆங்கிலப் பிரதியில் அவர் கையொப்பமிடுவது பொருத்தமாகாது என்று கருதி, அதில் அவருக்கென்று கையொப்ப இடமே வைக்கவில்லை. அதேபோல், மொழிபெயர்ப்பின் சரித்தன்மைக்குத் தாங்கள் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கை அல்ல. தங்கள் முத்திரை சான்று கூறுவது மொழிபெயர்ப்பாளரின் அடையாளத்துக்கும், அவர் தங்கள் முன் உறுதியளித்துக் கையொப்பமிட்டார் என்பதற்கும் மட்டுமே என்ற பொருளில்தான் அந்த வாசகத்தைத் தயாரித்திருக்கிறோம். தங்கள் அலுவலகத்துக்கென வழக்கமான வாசகம் இருந்தால் அதையே பயன்படுத்திக்கொள்கிறோம்.

கையொப்பங்களின் வரிசை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் கேட்பதற்குக் காரணமும் இதுதான். மொழிபெயர்ப்பு என்பது கையொப்பமும் முத்திரையும் பெற்ற மூலத்தின் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும். மூலத்தில் அம்மாவின் கையொப்பம் எங்கே உள்ளது, தேதி என்ன, முத்திரையில் என்ன எழுதப்பட்டுள்ளது, பதிவேட்டு எண் என்ன என்பவையும் ஆங்கிலத்தில் வர வேண்டும். கையொப்பமிடாத வரைவை மொழிபெயர்த்துவிட்டு இரண்டுக்கும் ஒரே மூச்சில் முத்திரையிட்டால், மூலத்தில் உள்ள முத்திரை மொழிபெயர்ப்பில் இல்லை என்று அந்த அலுவலகம் திருப்பி அனுப்ப இடமிருக்கிறது. ஆகவே முதலில் அம்மா கையொப்பமிட்டு, தாங்கள் தமிழ்ப் பத்திரத்துக்குச் சான்றொப்பமிட்ட பிறகு, மொழிபெயர்ப்பாளர் அந்த விவரங்களை ஆங்கிலப் பிரதியில் சேர்த்து, அச்செடுத்து, அதன் பின்னரே தம் உறுதிமொழியில் கையொப்பமிடுவார். மடிக்கணினியை அவரே கொண்டுவருவார். கடைசிப் பக்கத்தை மட்டும் தங்கள் அலுவலக அச்சுப்பொறியில் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தால் பேருதவியாக இருக்கும். தங்கள் முத்திரை வாசகத்தின் மாதிரியை முன்னதாக அனுப்ப இயலுமானால், அந்த இடத்தையும் பெரும்பாலும் முன்பே தயார் செய்துவிடலாம்.

அன்று நாங்கள் கொண்டுவரும் ஆவணங்கள் கீழே உள்ளன. நகல் என்று குறிப்பிடாதவை அனைத்தும் அசல்.

1. அம்மாவின் நடப்புக் கடவுச்சீட்டு. அடையாளச் சான்றாகவும், மீனாட்சி சுந்தரம் என்ற பெயருக்கு ஆதாரமாகவும் இதையே காட்டுகிறோம். அதில் உள்ள கையொப்பம் சில ஆண்டுகளுக்கு முன் இட்டது. இப்போது கை நடுக்கம் இருப்பதால் எழுத்துகள் சற்றுச் சிதறி வரும். ஐயம் எழுந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, புகைப்படத்துடன் கூடிய மற்றொரு அரசு அடையாள அட்டையையும் உடன் கொண்டுவருகிறோம்.

2. அம்மாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ். தாள் மிகப் பழையது, மடிப்புகளில் கிழிந்திருக்கிறது. கண்ணாடி உறையில் வைத்துத் தருவோம். உறையிலிருந்து எடுக்காமலேயே ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

3. தம்பியின் பிறப்புச் சான்றிதழ். மீனாட்சியம்மாள் என்ற பெயர் இதில்தான் உள்ளது. பதிவாளர் அலுவலகம் வழங்கிய, முத்திரையுடன் கூடிய சான்றிதழ் இது. வீட்டில் எடுத்த ஒளிநகல் அல்ல.

4. பெற்றோரின் திருமணப் பதிவுச் சான்றிதழ், மறைந்த தந்தையாரின் இறப்புச் சான்றிதழ். இரண்டிலும் அம்மாவின் பெயர் மீனாட்சி என்று மட்டுமே உள்ளது. பத்திரத்தின் ஐந்தாம் பத்தி இவற்றைச் சுட்டுகிறது.

5. மொழிபெயர்ப்பாளரின் அடையாள அட்டையும், இரு மொழிகளிலும் அவருக்குள்ள தகுதிக்கான பட்டச் சான்றிதழும். அவர் எங்கள் உறவினர் அல்லர். இந்த விண்ணப்பத்தால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை என்பதையும் உறுதிமொழியில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறார்.

6. குடியேற்ற அலுவலகம் அனுப்பிய கடிதத்தின் நகல். அவர்கள் எதிர்பார்ப்பதை அவர்கள் சொற்களிலேயே தாங்கள் பார்ப்பதற்காக.

7. கையொப்பமிடாத தமிழ்ப் பிரமாணப் பத்திரம், நான்கு பக்கங்கள், இரண்டு பிரதிகள். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, இரண்டு பிரதிகள். ஒன்று அனுப்புவதற்கு, மற்றொன்று நாங்கள் வைத்துக்கொள்வதற்கு.

முதல் நான்கு எண்களில் உள்ள ஆவணங்களுக்கு இரண்டு தொகுதி ஒளிநகல்களும் கொண்டுவருவோம். ஒரு தொகுதியை அசலுடன் ஒப்பிட்டு உண்மை நகல் என்று சான்றிட்டுத் தர வேண்டுகிறேன். அவை பத்திரத்தின் இணைப்புகளாகச் சேரும் என்பதால், ஒவ்வொரு நகலின் மேற்புறத்திலும் இணைப்பு அ, இணைப்பு ஆ என்று குறித்து, பத்திரத்தின் பத்திகளிலும் அதே குறியீடுகளைக் கொடுத்திருக்கிறோம். ஒப்பிட்டு முடிந்ததும் அசல்களைக் கையோடு எடுத்துச் செல்வோம். எதையும் அலுவலகத்தில் விட்டுச் செல்லும் தேவை இராது என்று நம்புகிறேன். பிறப்புச் சான்றிதழைத் தம்பிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.

தாள்கள் எவற்றையும் முன்கூட்டியே பின் அடிக்க மாட்டோம். பக்கங்களுக்கு 4-இல் 1, 4-இல் 2 என்று எண்ணிட்டிருக்கிறோம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அம்மா சுருக்கொப்பமிட இடமுண்டு. எங்காவது திருத்தம் தேவை என்று தாங்கள் கருதினால், அடித்து எழுதுவதற்குப் பதில் அந்தப் பக்கத்தை மீண்டும் அச்செடுத்துக்கொள்வதே நல்லது; மொழிபெயர்ப்பில் அடித்தலையும் விளக்க நேர்ந்தால் படிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். வாசகத்தை முன்னதாகப் பார்வையிட வசதியாக, தமிழ் வரைவையும் ஆங்கில வரைவையும் இந்த மின்னஞ்சலுடன் இணைத்திருக்கிறேன். பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே வைத்திருக்கிறோம். கடவுச்சீட்டில் இல்லாத மீனாட்சியம்மாள் என்ற வடிவத்துக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் ஒலிபெயர்ப்பு செய்து, அது ஒலிபெயர்ப்பு என்று அடிக்குறிப்பும் இட்டிருக்கிறார்.

அம்மா தமிழ் நன்றாகப் படிப்பார். ஆனால் பொடி எழுத்து இப்போது கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. வீட்டில் ஒருமுறை முழுவதையும் படித்துக் காட்டியிருக்கிறேன் என்றாலும், கையொப்பத்துக்கு முன் தாங்களோ தங்கள் அலுவலகத்தைச் சேர்ந்தவரோ பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று அவரிடமே கேட்க வேண்டுகிறேன். அவர் சொல்லும் பதில் அவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதால், அந்த நேரத்தில் நான் வெளியே இருப்பதையே விரும்புகிறேன். அவ்வாறு படித்துக் காட்டப்பட்டது என்ற குறிப்பு சான்றொப்ப வாசகத்தில் இடம்பெறுவது சரியென்று தாங்கள் கருதினால் அதையும் சேர்க்கலாம். சாட்சிகள் தேவையெனில் தெரிவியுங்கள். நானும் தம்பியும் சாட்சியாக இருப்பது முறையாகாது என்பதால் வேறு இருவரை அழைத்து வர வேண்டியிருக்கும்.

இன்னொன்று. தங்கள் சான்றொப்பத்துக்குப் பின் இந்த ஆவணங்களை அப்போஸ்டில் பெற அனுப்ப வேண்டும். 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி அந்தச் சான்று உறுதிப்படுத்துவது ஆவணத்தின் உள்ளடக்கத்தை அன்று. அதில் உள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்பதையும், கையொப்பமிட்டவர் எந்தப் பதவி நிலையில் இட்டார் என்பதையுமே. ஆகவே தங்கள் மாதிரிக் கையொப்பமும் முத்திரையும் அப்போஸ்டில் வழங்கும் அலுவலகத்தின் பதிவில் உள்ளனவா, அல்லது இடையில் வேறொரு அதிகாரியின் மேலொப்பம் பெற வேண்டுமா என்பதைத் தெரிவித்தால் நாள்களைத் திட்டமிட உதவும். மார்ச் 31-க்கு முன் எங்களுக்கு இருக்கும் அவகாசம் அந்தப் பதிலைப் பொறுத்தே அமையும். முத்திரை, தங்கள் பெயர், பதவி, தேதி ஆகியவை எழுத்துகளின் மேல் விழாமல் தெளிவாகப் பதிய, சான்றொப்பப் பக்கங்களின் கீழ்ப்பகுதியைக் காலியாக விட்டிருக்கிறோம்.

இரண்டு சான்றொப்பங்களுக்கும், உண்மை நகல்களுக்கும், கூடுதல் பிரதிகளுக்கும் கட்டணம் எவ்வளவு, எந்த முறையில் செலுத்த வேண்டும் என்பதையும், இந்தப் பட்டியலில் விடுபட்ட ஆவணம் ஏதேனும் இருந்தால் அதையும், நேரத்தை உறுதி செய்யும் பதிலிலேயே குறிப்பிடக் கேட்டுக்கொள்கிறேன். மார்ச் 6, வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் மொழிபெயர்ப்பாளரிடம் அந்தத் தேதியை உறுதிப்படுத்திவிடுவேன். தங்கள் அலுவலகம் மேல்மாடியில் இருந்து மின்தூக்கி இல்லையெனில் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அம்மாவைச் சற்று முன்னதாகவே அழைத்து வந்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
கயல்விழி
(திருமதி மீனாட்சி அவர்களின் மகள்)

இணைப்புகள்: தமிழ்ப் பிரமாணப் பத்திர வரைவு, ஆங்கில மொழிபெயர்ப்பு வரைவு, மொழிபெயர்ப்பாளர் உறுதிமொழி வரைவு, குடியேற்ற அலுவலகக் கடிதத்தின் நகல்