சான்றிதழ் வந்தாச்சு, எல்லோருக்கும் வாழ்த்துகள்!

அன்பு நண்பர்களே,

இன்று காலை ஆடிட் நிறுவனத்திடமிருந்து மெயில் வந்தது. ஐஎஸ்ஓ 9001:2015 சான்றிதழ் நமக்குக் கிடைத்துவிட்டது, மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். உதிரிபாகத் தயாரிப்பு, ஆய்வு, விநியோகம் என்று நாம் கேட்ட மூன்றுமே அதில் அப்படியே இருக்கின்றன, எதையும் குறைக்கவில்லை. முதல் ஷிப்டில் இருந்தவர்களுக்கு நேரில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கு வாய்வழியாகப் போய்ச் சேர்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லோருக்கும் மனதார வாழ்த்துகள். பொதுவாக வாழ்த்திவிட்டு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை, ஏனென்றால் யார் என்ன செய்தார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சான்றிதழ் ஏதோ கோப்புகளுக்குக் கிடைத்ததுபோல ஆகிவிடும்.

இரண்டாம் கட்ட ஆடிட்டின் முதல் நாள் மதியம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஆடிட்டர் லேத் வரிசையில் நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்று, அங்கே மேஜையில் இருந்த ஒரு மைக்ரோமீட்டரை எடுத்தார். நாம் காட்டிய கருவி இல்லை, அவராக எடுத்தது. அதில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, இதன் அளவுத்திருத்தச் சான்று வேண்டும் என்றார். கருவி அறையில் இருந்த நம் தங்கை பட்டியலில் எண்ணைப் பார்த்து, சான்றை எடுத்து, அடுத்த திருத்தத் தேதியையும் காட்டி, அந்தக் கருவியை எந்த மூல அளவுகோலோடு ஒப்பிட்டார்கள் என்பது வரை பதற்றமே இல்லாமல் விளக்கினார். அந்தப் பட்டியலில் ஒரு காலத்தில் பாதிக் கருவிகள் இல்லவே இல்லை. மேஜை இழுப்பறைகளிலும் சொந்த டூல் பாக்ஸ்களிலும் கிடந்த வெர்னியர்களைத் தேடி எடுத்து, எண் பொறித்து, தேறாதவற்றை ஒதுக்கி, மற்றவற்றை ஆய்வகத்துக்கு அனுப்பி வாங்கியது முழுக்க அவருடைய உழைப்பு. அன்று அது ஐந்து நிமிடத்தில் பதிலாக வந்து நின்றது.

அதே நடையில் ஆடிட்டர் ஒரு ஆபரேட்டரிடம் தரக்கொள்கையைப் பற்றிக் கேட்டார். நம் அண்ணன் சுவரில் ஒட்டியிருக்கும் வாசகத்தை ஒப்பிக்கவில்லை. “முதல் பீஸை இன்ஸ்பெக்‌ஷன் ஓகே பண்ணாமல் நான் ரெண்டாவதை ஓட்ட மாட்டேன். அளவு தப்பினால் சிவப்புப் பெட்டியில் போட்டு சீட்டு எழுதிவிடுவேன், அதை யாரும் எடுத்து நல்லதோடு கலக்க முடியாது” என்றார். ஆடிட்டர் தலையாட்டிவிட்டு அந்தச் சிவப்புப் பெட்டிகளைப் பார்க்கப் போனார், சீட்டுகள் எல்லாம் இருந்தன. அந்தத் தரநிலை மனப்பாடத்தைக் கேட்பதில்லை, தன் வேலை தரத்தை எப்படித் தொடுகிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. அதை அண்ணனைவிடத் தெளிவாக நம்மில் யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் அந்த முதல் பீஸ் விஷயத்துக்காக ப்ரொடக்‌ஷனும் குவாலிட்டியும் எத்தனை நாள் முட்டிக்கொண்டார்கள்! டெலிவரி நெருக்கும்போது மெஷினை நிறுத்திவைத்து இன்ஸ்பெக்டருக்காகக் காத்திருப்பது எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்‌ஷன் ஆட்கள் லைனுக்கே வந்து உட்கார ஒப்புக்கொண்ட பிறகுதான் அது தணிந்தது. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தீர்கள். இரண்டு பக்கத்துக்கும் நன்றி.

அப்புறம் ஸ்டோர்ஸ். ரப்பர் ஓ-ரிங்குகளுக்கும் ஒட்டுப்பசைக்கும் காலாவதித் தேதி பார்த்து, பழையது முன்னால் வரும்படி அடுக்கி, ரேக் ரேக்காக லேபிள் ஒட்டியவர்கள் நீங்கள். வழக்கமான சரக்கு ஏற்றி இறக்கும் வேலையை ஒரு நாள்கூட நிறுத்தாமல் இதைச் செய்தீர்கள். இரவு ஷிப்ட் ஆட்கள், மெஷின்களில் ஒட்டியிருந்த பழைய வரைபடங்களையும் வேலைக் குறிப்புகளையும் கழற்றி, நடப்புத் திருத்த எண் உள்ளவற்றை மட்டும் மாட்டினீர்கள். புதிய குறிப்புகளில் நீளமான பத்திகளுக்குப் பதிலாகப் படங்கள் வைக்கலாம் என்ற யோசனையும் உங்களிடமிருந்துதான் வந்தது, இன்று புதிதாகச் சேருபவர்கள் அதைப் பார்த்தே செட்டிங்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். மெயின்டனன்ஸ், பர்ச்சேஸ், பயிற்சிப் பதிவுகளை மொத்தமாக ஒழுங்குபடுத்திய ஹெச்ஆர், உங்களையும் மறக்கவில்லை.

முதல் கட்ட ஆடிட் முடிந்த அன்றைய மாலை கடினமாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. உள் ஆடிட் எல்லாப் பிரிவுகளையும் தொடவில்லை, நிர்வாகப் பரிசீலனைக் கூட்டத்தின் குறிப்புகள் அரைகுறை, இந்த நிலையில் இரண்டாம் கட்டத்துக்குப் போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏற்கனவே களைத்துப்போயிருந்த நேரம். இவ்வளவு செய்தும் இப்படியா என்று பலர் முகம் வாடிப்போனது. மறுநாள் காலை உள் ஆடிட் பயிற்சி எடுத்தவர்கள் யாரும் கூப்பிடாமலேயே வந்து, விட்டுப்போன பிரிவுகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். தன் பிரிவைத் தானே ஆடிட் செய்யக் கூடாது என்பதால் ஸ்டோர்ஸ் ஆள் ஹீட் ட்ரீட்மென்டைப் பார்த்தார், பர்ச்சேஸ் ஆள் பேக்கிங்கைப் பார்த்தார், பழக்கமில்லாத இடத்தில் தயங்காமல் கேள்வி கேட்டார்கள். நிலைமை திரும்பியது அங்கேதான் என்பது என் கருத்து.

இந்த மாதங்களில் வீட்டில் உங்களுக்காகக் காத்திருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி. பிள்ளைகளின் பரீட்சை நேரத்தில்கூட ஷிப்ட் முடிந்து உட்கார்ந்து பதிவுகளைச் சரிபார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். “சான்றிதழ் உங்களால்தான் வந்தது” என்று நான் சொன்னதாக வீட்டில் சொல்லுங்கள்.

சரி, கொஞ்சம் வேலை விஷயம். இரண்டாம் கட்டத்தில் பெரிய குறைபாடு எதுவும் இல்லை, சிறியது ஒன்றுதான்: சில சப்ளையர்களின் மறுமதிப்பீட்டுப் பதிவு விட்டுப்போயிருந்தது. அதற்கான மூலகாரணமும் திருத்த நடவடிக்கையும் அனுப்பி, ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. சொன்னபடி பர்ச்சேஸ் அதை முடித்துவிட்டதா என்று அடுத்த ஆடிட்டில் பார்ப்பார்கள். அந்தக் கண்காணிப்பு ஆடிட் பன்னிரண்டு மாதத்துக்குள் வரும். அதற்காகக் கடைசி மாதத்தில் இன்னொரு முறை ராத்திரி பகலாக ஓட வேண்டாம். உள் ஆடிட்டை ஆண்டு முழுவதும் பிரித்துப் போட்டு அட்டவணை தயாரிக்கிறேன், உங்கள் பிரிவுக்கு எந்த மாதம் வசதி என்று இந்த வார இறுதிக்குள் சொல்லுங்கள்.

கூடுதல் நேரம் உழைத்த நாட்களுக்கு ஈட்டு விடுப்பு தர நிர்வாகம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஒரே நாளில் எல்லோரும் எடுத்தால் லைன் நின்றுவிடும், அதனால் சூப்பர்வைசரிடம் பேசி மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கட்டாயம் எடுங்கள். வெள்ளிக்கிழமை ஷிப்ட் மாறும் நேரத்தில் சான்றிதழை நுழைவாயிலில் மாட்டுகிறோம். மாட்டப்போவது கருவி அறைத் தங்கையும் லேத் வரிசை அண்ணனும். இரண்டு ஷிப்டும் சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், பத்து நிமிடம் முன்னதாக வந்துவிடுங்கள்.

மிகுந்த மகிழ்ச்சியுடன்,
தர ஒருங்கிணைப்பாளர்