இன்சுலின் எந்த உறுப்பில் வேலை செய்யவில்லை? அறிகுறியையும் சுகர் அளவையும் சேர்த்துப் படிக்க ஒரு குறிப்பு

நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவ மாணவியருக்கு. ராயபுரம், தண்டையார்பேட்டை, காசிமேடு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பணிக்குப் போகும் முன் படித்துவிட்டு வாருங்கள்.

நீரிழிவு என்றதும் அதிக தாகம், அதிக பசி, அதிக சிறுநீர் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கிறீர்கள், 126, 200, 6.5 என்று இன்னொரு பட்டியலையும் தனியாக மனப்பாடம் செய்கிறீர்கள். பரீட்சைக்கு அது போதும், வார்டில் போதாது. அறிகுறியும் அளவும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. இன்சுலின் எந்த உறுப்பில் தன் வேலையைச் செய்யாமல் நிற்கிறது என்று ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்டுப் பாருங்கள், இரண்டு பட்டியலுமே தேவைப்படாது.

கணையத்தின் பீட்டா செல்களிலிருந்து வரும் இன்சுலினுக்கு முக்கியமாக மூன்று இடத்தில் வேலை. கல்லீரலில், சர்க்கரையை வெளியே விடாதே, சேர்த்து வை என்கிறது. தசையிலும் கொழுப்பிலும், ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள் என்கிறது. கொழுப்புத் திசுவில் கூடுதலாக, சேமித்த கொழுப்பை உடைக்காதே என்றும் சொல்கிறது. இதோடு நான்காவதாகப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும் வேலையும் உண்டு. வகுப்பில் இதைப் பாதிப் பேர் விட்டுவிடுகிறீர்கள், ஆனால் ஐசியூவில் உயிர் போவதும் பிழைப்பதும் பல நேரம் இதில்தான். மூளைக்குக் குளுக்கோஸை எடுக்க இன்சுலின் தேவையில்லை, ஆனால் அதற்கு முக்கிய எரிபொருளே குளுக்கோஸ்தான். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் அது உடனே தவிப்பதும் அதனால்தான்.

இப்போது கல்லீரலை எடுத்துக்கொள்ளுங்கள். "நைட்டு ஒண்ணுமே சாப்பிடல சிஸ்டர், காலையில 190 காட்டுது, மிஷின் சரியில்ல போல" என்று ஓபியில் தினமும் யாராவது சொல்வார்கள். மெஷினில் கோளாறு இல்லை. இரவு முழுவதும் கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்து வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது, அதைத் தடுக்க வேண்டிய இன்சுலின் போதவில்லை, அல்லது இருந்தும் கல்லீரல் அதன் பேச்சைக் கேட்கவில்லை. வெறும் வயிற்றுச் சுகர் முக்கியமாகக் கல்லீரலின் கணக்கு. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிந்தைய அளவில், உணவு வந்தவுடன் கணையம் எவ்வளவு வேகமாக இன்சுலினை விட்டது, தசை எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பது அதிகம் தெரியும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. தெளிவான அறிகுறி இல்லாதவருக்கு ஒரு தடவை பார்த்த அளவை மட்டும் வைத்துச் சொல்லிவிடக் கூடாது, இன்னொரு பரிசோதனையில் உறுதியாக வேண்டும். ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கும் பெரும்பாலான பெரியவர்களுக்கு இலக்கு சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பின் 180க்குக் கீழ். எல்லாமே டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. கர்ப்பிணிக்கும் மிக வயதானவருக்கும் இலக்கு வேறு, டாக்டர் எழுதியதைப் பாருங்கள்.

180 என்ற எண்ணை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வையுங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அத்தனையையும் திரும்ப உறிஞ்ச முடியாது. புழல் ஏரி நிரம்பினால் உபரி நீரைத் திறந்துவிடுவது மாதிரிதான், மிஞ்சியது சிறுநீரில் போகிறது. போகும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் அடிக்கடி சிறுநீர், இரவில் நான்கைந்து முறை எழுவது, அதனால் நாக்கு வறண்டு தாகம், சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பது, பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு எல்லாம். ஆக 150 இருப்பவர் ரொம்பத் தாகமாக இருக்கிறது என்றால் வேறு காரணத்தையும் தேடுங்கள், 320 இருப்பவர் சொன்னால் ஆச்சரியமில்லை. வயதானால் இந்த வரம்பு கூடிவிடும், எனவே பாட்டிக்குச் சிறுநீரில் சர்க்கரை இல்லை என்பதை வைத்து ரத்தத்திலும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கர்ப்பத்தில் குறையும், அங்கே சிறுநீரில் சர்க்கரை தெரிந்தாலே நீரிழிவு என்று பயமுறுத்தவும் வேண்டாம்.

ரத்தத்தில் நிறைய இருந்தும் தசைக்குள் போகாததால் சோர்வு, பசி. தசைப் புரதமும் கொழுப்பும் உடைவதால் சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறது. கண் மங்குவது லென்ஸில் நீர் அளவு மாறுவதால், சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் அது மறுபடி மாறும். எனவே சுகர் நிலைக்கு வரும்வரை புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள், காசு மிச்சம். சில பிள்ளைகளுக்குக் கழுத்துப் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கும், அம்மாக்கள் அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பார்கள். அது பெரும்பாலும் இன்சுலின் நிறையச் சுரந்தும் உடம்பு கேட்காத நிலையின் அடையாளம், தேய்த்தால் போகாது.

கொழுப்புத் திசுவுக்கு வருவோம், இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். வியாசர்பாடியிலிருந்து பதினேழு வயதுப் பையனை வாந்தி, வயிற்று வலி என்று கொண்டுவருகிறார்கள், கடையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். மூச்சு ஆழமாக, வேகமாக ஓடுகிறது, வாயில் பழ வாசனை. சிபிஜி 412, சிறுநீரில் கீட்டோன். இன்சுலின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, கொழுப்பு கட்டுப்பாடில்லாமல் உடைகிறது, கல்லீரல் அதைக் கீட்டோனாக்குகிறது, கீட்டோன் அமிலம், ரத்தத்தின் பிஎச் 7.3க்குக் கீழே போகிறது, பைகார்பனேட் 18க்குக் கீழே, அந்த அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்றத்தான் அந்த மூச்சு. வாந்தி, வயிற்று வலியும் அதனால்தான். அதே சமயம் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் 700 சுகரோடு மயக்கமாக வருவார், கீட்டோன் பெரிதாக இருக்காது. ஏன்? கொழுப்பு உடைவதைத் தடுக்க மிகக் கொஞ்சம் இன்சுலின் போதும், தசைக்குள் சர்க்கரையைத் தள்ள அதைவிட நிறைய வேண்டும். பெரியவரிடம் முதல் வேலைக்கு மட்டும் இன்சுலின் மிச்சமிருக்கிறது. அதனால் அமிலம் ஏறவில்லை, ஆனால் நாள்கணக்கில் சிறுநீராகப் போய்ப் போய் உடம்பு காய்ந்துவிட்டது.

அந்தப் பையனின் பொட்டாசியம் ரிப்போர்ட்டில் 5.4 என்று வரும், அதிகமாயிற்றே என்று நினைப்பீர்கள். உண்மையில் உடம்பில் பொட்டாசியம் குறைந்துபோயிருக்கிறது, சிறுநீரிலும் வாந்தியிலும் போய்விட்டது. இன்சுலின் இல்லாததாலும் அமிலத்தாலும் செல்லுக்குள் இருந்தது வெளியே வந்து நிற்கிறது, அவ்வளவுதான். டிரிப்பில் இன்சுலின் ஓட ஆரம்பித்ததும் அது உள்ளே ஓடும், ரத்தத்தில் சரசரவென்று இறங்கும், இதயத் துடிப்பு தடுமாறலாம். அதனால் ஆரம்பத்திலேயே பொட்டாசியம் குறைவாக இருந்தால் டாக்டர் இன்சுலினை நிறுத்திவைத்து முதலில் பொட்டாசியம் கொடுப்பார். சுகர் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, பொட்டாசியம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, சிறுநீர் அளவு, ஈசிஜி மானிட்டர். சுகர் 250க்கு வந்ததும் சில பேர் இன்சுலினை நிறுத்தப் பார்க்கிறார்கள், கூடாது, அமிலம் இன்னும் தீரவில்லை. டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்து இன்சுலினைத் தொடர்வதற்கான ஆர்டர் வரும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து இன்சுலின் அதிகமானால். 70க்குக் கீழே லோ சுகர், 54க்குக் கீழே ஆபத்து. முதலில் உடம்பு அட்ரினலினை விடும்: வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி. இன்னும் இறங்கினால் மூளை: குழறல், கோபம், தூக்கம், வலிப்பு. பிரஷருக்குப் பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் தெரியும். நினைவு இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறியதும் சாப்பிட வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நரம்பு வழி டெக்ஸ்ட்ரோஸ்தான். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுபவர் ஏறிய பிறகும் மறுபடி இறங்குவார், உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இதையெல்லாம் ஒரே ஆளிடம் பார்க்க ஓர் உதாரணம். காசிமேட்டில் மீன் விற்கும் ஐம்பத்துநான்கு வயது அம்மா, 30/70 கலவை இன்சுலின் காலை 20 யூனிட், இரவு 12. விடியற்காலை மூன்று மணிக்கு ஊசி போட்டு, ஒரு டீ குடித்துவிட்டு ஏலத்துக்குப் போகிறார். இட்லி எட்டு மணிக்குத்தான். ஆறு மணிக்கு வியர்த்துக் கொட்டி கை நடுங்குகிறது, கூட்டத்தில் நின்ற களைப்பு என்று நினைத்து இரண்டு டீயும் பன்னும் சாப்பிடுகிறார். அப்புறம் இட்லி. பத்து மணிக்கு உங்களிடம் வரும்போது 286. நீங்கள் நோட்டில் வெறுமனே 286 என்று எழுதினால் டோஸ் ஏறும், நாளைக்கு ஆறு மணிக்கு அவர் ஏலக் களத்திலேயே விழுவார். கலவையில் இருக்கும் சாதாரண இன்சுலின் அரை மணியில் வேலை தொடங்கி இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், அதாவது ஐந்திலிருந்து ஏழு. அறிகுறி வந்த நேரமும் அதுதான். எனவே இப்படி எழுதுங்கள்: "ஊசி 3.00, உணவு 8.00, காலை 6 மணிக்கு வியர்வை, நடுக்கம், டீயும் பன்னும், சிபிஜி 10.00 மணிக்கு 286." ஆறு மணிக்கு ஒருநாள் சுகர் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டு, ஊசி நேரத்தை டாக்டரிடம் பேசுங்கள்.

இவருடைய எச்பிஏ1சி 7.4 என்று வரலாம், கணக்குப் போட்டால் சராசரி சுமார் 166, பார்க்க மோசமில்லை. ஆனால் 50க்கும் 286க்கும் நடுவே ஊசலாடுபவருக்கும் சராசரி அப்படித்தான் வரும். சிவப்பணு வாழும் ஏறக்குறைய 120 நாளின் கதை அது, அன்றைய ஆறு மணியை அது சொல்லாது. ரத்தம் ஏற்றியிருந்தாலோ சிவப்பணு சீக்கிரம் உடைந்தாலோ பொய்யாகக் குறையும், இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் பொய்யாகக் கூடலாம், நம் பகுதிப் பெண்களிடம் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

டோஸ் மாறாமல் அளவு மட்டும் மாறினால் இன்சுலின் உடம்புக்குள் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். வயிற்றில் ஒரே இடத்தில் குத்திக் கட்டியாகியிருக்கிறதா, தடவிப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் பாட்டிலை எங்கே வைக்கிறார்? ஃப்ரிட்ஜ் இல்லை என்றால் நன்றாக மூடிய டப்பாவில் போட்டு, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் நனையாமல் வைக்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் கெட ஆரம்பித்தவருக்கு இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், பழைய டோஸிலேயே லோ ஆகும், கிரியேட்டினினைப் பாருங்கள்.

சிரிஞ்சைக் கையில் வாங்கிப் பார்க்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். பாட்டில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்றால் சிவப்பு மூடி 40 சிரிஞ்சு, 100 யூனிட் என்றால் ஆரஞ்சு மூடி 100 சிரிஞ்சு. 40 பாட்டிலிலிருந்து 100 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். 100 பாட்டிலிலிருந்து 40 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 50 யூனிட் போகும். பணி நோட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் பாட்டில் எது, சிரிஞ்சு எது என்பதையும் முதல் வரியில் எழுதிக் கொண்டுவாருங்கள், அது இல்லாத நோட்டில் கையெழுத்துப் போட மாட்டேன்.