கலைந்த வாக்கியங்களைக் கோத்துப் பத்தியாக்குவோம்

பயிற்சித்தாள் – எட்டாம் வகுப்பு, தமிழ்

கீழே மூன்று பத்திகள் வரிசை கலைந்து கிடக்கின்றன. முதலாவதைச் சேர்ந்து செய்வோம். மற்ற இரண்டும் உங்களுக்கு. விடையை எழுத்து வரிசையாக மட்டும் தராமல், முழுப் பத்தியாக நோட்டில் எழுதுங்கள். எழுதி வாசித்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

1. உப்பளம் (செய்து காட்டியது)

அ. அதை வாரி வரப்பில் குவிக்கிறார்கள்.
ஆ. பிறகு அவற்றில் உவர்நீரைப் பாய்ச்சுகிறார்கள்.
இ. அப்படி வற்றும்போது அடியில் உப்பு படிகிறது.
ஈ. உப்பு விளைவிக்க முதலில் நிலத்தைச் சமப்படுத்திப் பாத்திகள் கட்டுகிறார்கள்.
உ. வெயிலிலும் காற்றிலும் அந்த நீர் மெல்ல வற்றுகிறது.

ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக வாசித்து, "எதை? எவற்றில்? எந்த?" என்று கேளுங்கள். 'அதை வாரி' என்றால் எதை? 'அந்த நீர்' என்றால் எந்த நீர்? இப்படிக் கேள்வி எழுந்தால் அதற்கான பதில் முந்தைய வாக்கியத்தில் இருந்தாக வேண்டும். 'ஈ'யில் மட்டும் அந்தக் கேள்விக்கே இடமில்லை. 'முதலில்' என்ற சொல்லும் கைகொடுக்கிறது. எனவே அதுதான் தொடக்கம்.

'அவற்றில்' என்பது பன்மை. பன்மையாக இதுவரை வந்தது பாத்திகள்தான். ஆகவே ஈக்குப் பின் ஆ. உவர்நீர் வந்தபின் 'அந்த நீர்' (உ), வற்றியபின் 'அப்படி வற்றும்போது' (இ), உப்பு படிந்தபின் 'அதை வாரி' (அ).

விடை: ஈ, ஆ, உ, இ, அ.

2. பாம்பன் பாலம்

அ. அவரும் அவருடைய குழுவினரும் 46 நாட்களில் அந்த வேலையை முடித்தார்கள்.
ஆ. இதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரியாமல், அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது.
இ. ஆனால் ஐம்பது ஆண்டுகள் நின்ற அந்தப் பாலத்தை 1964 டிசம்பரில் ஒரு பெரும்புயல் தாக்கியது.
ஈ. மண்டபத்தையும் இராமேஸ்வரம் தீவையும் இணைக்கும் பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது.
உ. அதன் பக்கத்திலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.
ஊ. அது தனுஷ்கோடியை அழித்ததோடு, பாலத்தின் இரும்பு கர்டர்களில் பெரும்பாலானவற்றையும் கடலில் தள்ளியது.
எ. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதியை இரண்டாகப் பிரித்து மேலே தூக்குவார்கள்.
ஏ. அவற்றை மீட்டுப் பொருத்தும் பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.
ஐ. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் உழைத்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

ஆண்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். நான்கு வாக்கியங்களில்தான் ஆண்டு இருக்கிறது. மீதி ஐந்தையும் சுட்டுச்சொற்களை வைத்தே சேர்க்க வேண்டும். 'நடுப்பகுதி' இரண்டு இடத்தில் வருகிறது, கவனம்.

3. வாரச்சந்தை

அ. அதைக் கேட்டு அவர் சிரித்தாரே தவிர, விலையைக் குறைக்கவில்லை.
ஆ. "கிலோ நாற்பது ரூபாய்" என்றார் கடைக்காரர்.
இ. நாலு அடி வைப்பதற்குள், "சரி வாங்கம்மா, முப்பதுக்கே எடுத்துக்குங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.
ஈ. வாரச்சந்தையில் பாட்டியும் செல்வியும் கத்தரிக்காய்க் கடை முன்னால் நின்றார்கள்.
உ. அதனால் அவளை இழுத்துக்கொண்டு பாட்டி நடையைக் கட்டினார்.
ஊ. "முப்பதுக்குத் தருவீங்களா?" என்று பாட்டி கேட்டார்.

பத்தியை எழுதியபின், 'அ'வில் வரும் 'அவர்' யார், 'உ'வில் வரும் 'அவள்' யார் என்பதையும் எழுதுங்கள்.

விடைகள் (ஆசிரியருக்கு)

2: ஈ, எ, இ, ஊ, ஏ, அ, ஐ, உ, ஆ. பிள்ளைகள் பெரும்பாலும் 'எ'யையும் 'ஆ'வையும் இடம் மாற்றிவிடுவார்கள். 'பிரியாமல்' என்று சொல்ல வேண்டுமானால் பிரிகிற பாலம் ஒன்று முன்பே வந்திருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், பிடித்துக்கொள்வார்கள். 'ஊ'வில் 'அது' என்பது புயல், பாலமல்ல; பாலம் என்று எடுத்தால் பாலமே தனுஷ்கோடியை அழித்ததாகிவிடும். 'ஏ'யில் 'அவற்றை' என்பது கர்டர்களை.

3: ஈ, ஆ, ஊ, அ, உ, இ. 'அவர்' பாட்டிக்கும் பொருந்தும், கடைக்காரருக்கும் பொருந்தும். ஆனால் விலையைக் குறைக்க வேண்டியவர் கடைக்காரர், எனவே அவர்தான். 'அவள்' செல்வி, பாட்டியைக் கதை முழுக்க 'கேட்டார்', 'கட்டினார்' என்றே மரியாதையாகச் சொல்லியிருக்கிறது. 'ஊ'வை முதலில் வைக்கும் பிள்ளையிடம், எதை முப்பதுக்குக் கேட்கிறார் என்று கேட்டால் போதும்.