தொட்டி சுத்தம், செப்டம்பர் 13: குழுவுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று

தலைவர் சாருக்கு வணக்கம்.

தொட்டி சுத்தம் செய்யும் அறிவிப்பை இரண்டாக எழுதிக் கீழே வைத்திருக்கிறேன். முதலாவது வாட்ஸ்ஆப் குழுவுக்கு. இன்றிரவு சந்திர கிரகணம். எட்டு மணி தாண்டினால் நிலாப் படங்களும், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்ற கேள்விகளும் குழுவை நிறைத்துவிடும். அதற்கு முன்பே, ஆறு மணிக்குப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது உரிமையாளர்களின் மின்னஞ்சலுக்கு. துபாயிலும் நியூஜெர்சியிலும் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமை தண்ணீர் எப்போது நிற்கும் என்பது பொருட்டே இல்லை. எதற்கு 500 ரூபாய், யார் முடிவு செய்தார்கள் என்றுதான் கேட்பார்கள். இங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்கு அது அப்படியே தலைகீழ். அதனால்தான் குழுவில் வாளி முன்னால் வருகிறது, மின்னஞ்சலில் தீர்மானம் முன்னால் வருகிறது. தேதி, நேரம், தொகை மூன்றும் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் கை வைத்தால் மற்றதிலும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு ஒரு வாரம் பேசுவார்கள்.

பராமரிப்புப் பாக்கியைப் பற்றியும் சேர்க்கச் சொன்னீர்கள். சேர்க்கவில்லை. குழுவில் எழுதினால் தண்ணீர்ச் செய்தி அடியில் போய்ச் சண்டை மட்டும் மேலே நிற்கும். மின்னஞ்சலில் எழுதினால் ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கும் சுருக்கென்று இருக்கும். பாக்கி உள்ள வீடுகளுக்கு மட்டும் தனியாக எழுதிக்கொள்வோம்.

21ஆம் தேதியிலிருந்து மாற்றியதற்கு, மின்னஞ்சலில் "நிர்வாகக் காரணங்களால்" என்று எழுத மனம் வரவில்லை. உள்ள காரணத்தையே எழுதிவிட்டேன். ஆட்கள் சம்ப்புக்குள் இறங்குவதற்கான நிபந்தனைகளை மின்னஞ்சலில் மட்டும் விரிவாகத் தந்திருக்கிறேன். ஏதாவது நடந்துவிட்டால் எடுத்துக் காட்ட வேண்டிய காகிதம் அதுதான். அந்தப் பத்தியை மட்டும் சுருக்காதீர்கள்.

செயலாளர்
07.09.2025

வாட்ஸ்ஆப் குழுவுக்கு

எல்லோருக்கும் வணக்கம்!

வருகிற சனிக்கிழமை, செப்டம்பர் 13, நம் சம்ப்பையும் மாடித் தொட்டிகள் இரண்டையும் சுத்தம் செய்கிறோம். *காலை 6 மணிக்குத் தண்ணீர் நிற்கும். மாலை 5 மணிக்குத் திரும்ப வரும்.* இரண்டு பிளாக்குக்கும் இதே நேரம்தான். பக்கத்து பிளாக்கில் பிடித்துக்கொள்ளலாம் என்று யாரும் திட்டம் போட வேண்டாம்!

வெள்ளிக்கிழமை இரவே குடிக்க, சமைக்க, குளியலறைக்கு என்று தனித்தனியாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு மேல் மோட்டார் போட மாட்டோம். மாடித் தொட்டியில் மிச்சமிருப்பதுதான் காலைவரை ஓடும். துணி துவைப்பதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வையுங்கள்.

சனிக்கிழமை காலையில் கீசர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் காயில் கருகிவிடும். அதைவிட முக்கியம் குழாய். திறந்து பார்த்து, தண்ணீர் வரவில்லை என்றதும் அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விடாதீர்கள். ஐந்து மணிக்கு உங்கள் வீட்டுக் கூடம் குளமாகும், கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். ஊருக்குப் போகிறவர்கள் வீட்டு மெயின் வால்வையே மூடிவிட்டுப் போங்கள்.

மாலையில் முதலில் வரும் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருக்கும், பிளீச்சிங் பவுடர் வாடையும் வரும். பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த பிறகு ஆர்ஓ மெஷினையும் வாஷிங் மெஷினையும் போடலாம்.

கார் நிறுத்துமிடம் 4, 5 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சம்ப் மூடி உங்கள் வண்டிக்கு அடியில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவே வண்டியைத் தெருவில் நிறுத்திவிடுங்கள். மதியம் தண்ணீர் லாரி வரும்போது கேட் பக்கமும் காலியாக இருக்க வேண்டும்.

சம்ப் மூடி நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். பிள்ளைகளைச் சனிக்கிழமை கீழ்த்தளத்தில் விளையாட விடாதீர்கள். பந்து போனால் போகட்டும்.

செலவு வீட்டுக்கு 500 ரூபாய். செப்டம்பர் பராமரிப்புத் தொகையோடு சேர்த்துக் கட்டினால் போதும். கணக்கு விவரம் உரிமையாளர்களுக்கு மின்னஞ்சலில் வருகிறது, அதை இங்கே விவாதிக்க வேண்டாம்.

முதலில் 21ஆம் தேதி என்றுதான் இருந்தது. அன்று மகாளய அமாவாசை, காலையில் தர்ப்பணம் செய்யும் வீடுகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று சில அம்மாக்கள் நினைவுபடுத்தினார்கள். நல்லவேளை!

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு, கைக்குழந்தை இருக்கும் வீடு, உடல்நலம் சரியில்லாதவர்கள் இருக்கும் வீடு என்றால் எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்புங்கள். வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி இரண்டு குடம் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறேன். கூச்சப்பட வேண்டாம்.

படித்தவர்கள் கட்டைவிரல் குறி போடுங்கள். போடாத வீடுகளுக்கு வியாழக்கிழமை நானே வந்து கதவைத் தட்டுவேன்.

குழுவுக்கே, வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு

நினைவூட்டல்: நாளை காலை 6 முதல் மாலை 5 வரை தண்ணீர் இல்லை. இப்போதே பிடித்து வையுங்கள். 10 மணிக்கு மோட்டார் நிற்கும். 4, 5ஆம் இடத்துக் கார்கள் வெளியே போய்விட்டனவா? படுக்கப் போகும் முன் குழாய்களை மூடியிருக்கிறீர்களா என்று ஒரு தடவை பாருங்கள்.

மின்னஞ்சல்

பெறுநர்: வீட்டு உரிமையாளர்கள் அனைவரும் (36 வீடுகள்)
நகல்: செயற்குழு உறுப்பினர்கள்
நாள்: 07.09.2025
பொருள்: 13.09.2025 சனிக்கிழமை நீர்த்தொட்டிகளைச் சுத்தம் செய்தல், நீர் வழங்கல் நிறுத்தம், செலவுப் பங்கீடு ஆகியவை குறித்து

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். 24.08.2025 அன்று நடைபெற்ற செயற்குழுக் கூட்டத்தின் தீர்மானப்படி, மடிப்பாக்கத்தில் உள்ள நமது குடியிருப்பின் 40,000 லிட்டர் கொள்ளளவுள்ள நிலத்தடித் தொட்டியும், தலா 10,000 லிட்டர் கொள்ளளவுள்ள இரண்டு மாடித் தொட்டிகளும் 13.09.2025 சனிக்கிழமை சுத்தம் செய்யப்பட உள்ளன. அன்று காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை இரு பிளாக்குகளுக்கும் நீர் வழங்கல் நிறுத்தப்படும். முதலில் உத்தேசித்த 21.09.2025 மகாளய அமாவாசையாக இருப்பதால், அன்று காலை நீர் தேவைப்படும் குடும்பங்களைக் கருதி நாள் முன்னதாக மாற்றப்பட்டது. பணி அன்றே முடியாவிடில் 14.09.2025 ஞாயிற்றுக்கிழமை தொடரும். அதற்கான நேரம் வாட்ஸ்ஆப் குழுவில் அறிவிக்கப்படும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குவதால், அதற்கு முன் இப்பணியை முடிப்பது அவசியம் எனச் செயற்குழு கருதியது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிடுகிறது. அம்முட்டைகள் நீரின்றியும் மாதக்கணக்கில் உயிருடன் இருக்கக்கூடியவை. எனவே நீரை வெளியேற்றுவது மட்டும் போதாது, சுவர்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதே காரணத்திற்காக மூன்று தொட்டிகளின் மூடிகளுக்கும் காற்றுக் குழாய்களுக்கும் கொசுவலை பொருத்தப்படும்.

படிவுகள் நீக்கப்பட்ட பின், லிட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் குளோரின் உள்ள கரைசல் உட்சுவர்களில் பூசப்பட்டு, 30 நிமிடங்களுக்குப் பின் கழுவி வெளியேற்றப்படும். 33 சதவீதக் குளோரின் கொண்ட பிளீச்சிங் பவுடர் எனில், 100 லிட்டர் நீருக்கு 60 கிராம் என்பது இதன் அளவு. தொட்டிகள் நிரப்பப்பட்டதும், மோட்டாரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள வீட்டின் குழாயில் எஞ்சிய குளோரின் அளவு சோதிக்கப்படும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500:2012 குறிப்பிடும் குறைந்தபட்ச அளவு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் ஆகும். சோதனை முடிவு அன்றே குழுவில் வெளியிடப்படும்.

பணியாளர்களின் பாதுகாப்புக்காக ஒப்பந்ததாரருக்குப் பின்வரும் நிபந்தனைகள் எழுத்து மூலம் விதிக்கப்பட்டுள்ளன. நிலத்தடித் தொட்டியின் இரு மூடிகளும் ஆள் இறங்குவதற்குக் குறைந்தது அரை மணி நேரம் முன்பே திறக்கப்பட்டு, காற்றூதி மூலம் உள்ளே காற்று செலுத்தப்பட வேண்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும். அதைப் பிடித்தபடி ஒருவர் வெளியே எந்நேரமும் இருக்க வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது நீர்மூழ்கி மோட்டாரின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு தேங்கக்கூடும் என்பதால் டீசல் எஞ்சினைத் தொட்டியின் வாய்க்கு அருகில் இயக்கக் கூடாது. இவற்றில் எது மீறப்பட்டாலும் பணியை உடனே நிறுத்தும் அதிகாரம் சங்கத்தின் செயலாளருக்கு உண்டு.

இப்பணிக்கான மொத்தச் செலவு ரூ.18,000. தொட்டிகளைச் சுத்தம் செய்யும் கூலியும் பொருள்களும் ரூ.10,400, இரண்டு தண்ணீர் லாரிகளுக்கு ரூ.5,200, கொசுவலை பொருத்த ரூ.2,400 என இது அமைகிறது. 36 வீடுகளுக்கும் சமமாகப் பகிர்ந்து, வீடு ஒன்றுக்கு ரூ.500 வீதம் வசூலிக்கப்படும். இத்தொகையைச் செப்டம்பர் மாதப் பராமரிப்புக் கட்டணத்துடன் 30.09.2025க்குள் சங்கத்தின் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். ரசீதுகள் 05.10.2025 செயற்குழுக் கூட்டத்தில் பார்வைக்கு வைக்கப்படும். வீடு பூட்டியிருப்பினும் இப்பங்கு பொருந்தும்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இவ்விவரத்தைத் தங்கள் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். பூட்டிய வீடுகளின் மெயின் வால்வு மூடப்பட்டிருப்பதை 12.09.2025 மாலைக்குள் உறுதிசெய்துகொள்ள வேண்டும். திறந்திருக்கும் குழாய்களால் அவ்வீட்டிற்கோ கீழ்த்தள வீட்டிற்கோ ஏற்படும் சேதத்திற்குச் சங்கம் பொறுப்பேற்க இயலாது. சாவியை நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டாரிடம் கொடுத்திருப்பவர்கள் அவ்விவரத்தை எங்களுக்குத் தெரிவித்தால், வால்வை மூடுவதற்கு அவருக்கு உதவுவோம்.

இப்பணி அல்லது செலவு குறித்து ஆட்சேபனையோ விளக்கமோ தேவைப்படின், இம்மின்னஞ்சலுக்கு மறுமொழியாக 11.09.2025 வியாழக்கிழமைக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். வாட்ஸ்ஆப் குழுவில் இடப்படும் கருத்துகள் செயற்குழுப் பதிவேட்டில் சேர்க்கப்பட மாட்டா.

தங்கள் ஒத்துழைப்பை வேண்டும்,

செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
மடிப்பாக்கம், சென்னை
(செயற்குழுவின் சார்பாக)